"ஊத்து" பாட்டை மாத்தணும், ஆனா கூட்டம் உட்காரக் கூடாது: வரி உதவி வேணும்

திண்டுக்கல்_மெல்லிசை

எல்லாருக்கும் வணக்கம். ரிசப்ஷன், காதுகுத்து, கோயில் திருவிழான்னு பாடுற சின்ன மெல்லிசைக் குழு எங்களோடது. சினிமாப் பாட்டுதான் சோறு போடுது. ஆனா எங்களுக்குன்னு சொந்தமா ஒரு குத்துப்பாட்டு இருக்கு, மெட்டும் வரியும் நாங்களே போட்டது. கச்சேரி முடியுற நேரத்துல அதைப் பாடினா சாப்பிடப் போனவங்ககூட திரும்பி வருவாங்க. பல்லவி இதுதான்:

ஊத்து ஊத்து ஊத்து – மச்சி
உள்ள போனா கூத்து
ஒண்ணு ரெண்டு மூணு – தலை
சுத்தும் வரை ஊத்து

முதல் சரணம்:

சோகம் வந்தா கட்டிங்கு
சொந்தம் வந்தா குவாட்டரு
லவ்வு போனா ஃபுல்லுடா – இந்த
லைஃபுக்கேது ரிப்பேரு

இப்ப ஒரு பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்குக் கூப்பிட்டிருக்காங்க. இந்தப் பாட்டை வரி மாத்திப் பாட முடியுமான்னு கேக்குறாங்க. அது இல்லாட்டியும் எனக்கே கொஞ்ச நாளா உறுத்தல் இருக்கு. மேடைக்கு முன்னாடி நின்னு சத்தமா "ஊத்து"ன்னு கத்துறது பெரியவங்க இல்ல, மூணாவது நாலாவது படிக்கிற பிள்ளைங்க.

ரெண்டு கட்டுப்பாடு. மெட்டை மாத்த முடியாது, மைனஸ் ட்ராக் ஏற்கெனவே பதிவு பண்ணியாச்சு. விழிப்புணர்வுப் பாட்டாவும் ஆகக் கூடாது. குடிக்காதேன்னு நான் யாருக்கும் சொல்லப் போறதில்ல, பாட்டுல குடி ஹீரோவா இருக்க வேண்டாம், அவ்வளவுதான்.

புல்லட்_பாண்டி

இதுக்கு எதுக்கு இவ்வளவு யோசனை ப்ரோ? "மோரு ஊத்து மச்சி"ன்னு போடுங்க, வேலை முடிஞ்சது. கட்டிங்குக்கு ஜிகர்தண்டா, குவாட்டருக்கு கூல்ட்ரிங்ஸ். அப்புறம் இன்னொண்ணு, சென்சார்ல சரக்கு, குவாட்டர்னு எந்த வார்த்தை வந்தாலும் வெட்டிடுவாங்க. மேடையில பாடினா உங்க மேலயும் கேஸ் போடலாம். அதனால மாத்துறது நல்லதுதான்.

சந்தக்கிறுக்கன்

பாண்டி, சென்சார் விஷயத்துல பாதி சரி. 1991 வழிகாட்டு நெறியில, குடிப்பதை நியாயப்படுத்துற, பெருமைப்படுத்துற விளைவு கொண்ட காட்சி கூடாதுன்னு இருக்கு. இந்தச் சொல் வந்தா வெட்டுன்னு பட்டியல் கிடையாது, விளைவைத்தான் பாக்கச் சொல்லுது. தவிர அது திரைப்படத்துக்கான விதி. கல்யாண மேடைக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல.

ஆனா அந்த "விளைவு"ங்கிற பார்வை நமக்கு உதவும். மோர் யோசனை ஏன் தோக்கும்னு அதை வச்சே சொல்லலாம். நீங்க "மோரு ஊத்து"ன்னு பாடினா கூட்டம் சிரிக்கும். ஏன் சிரிக்குது? அது மோர் இல்லன்னு எல்லாருக்கும் தெரியுது, அதான். பாட்டுல இருக்கிற ஒவ்வொரு வேலையும், ஊத்துறது, எண்ணுறது, தலை சுத்துறது, எல்லாம் அப்படியே குடியோட வேலையாவே இருக்கு. குவளைக்குள்ள இருக்கிற பேரை மட்டும் மாத்தியிருக்கீங்க. பிள்ளைங்க அதையும் கண்ணடிச்சுட்டுத்தான் பாடுவாங்க.

அதனால முதல் வேலை சொல்லை மாத்துறது இல்ல. இந்தப் பாட்டுல சரக்கு என்ன வேலை பாக்குதுன்னு வரி வரியா எழுதிப் பாருங்க. எனக்குத் தெரிஞ்சு மூணு வேலை. ஒண்ணு, அது ஒரு அனுமதி. சும்மா நிக்கிறவனுக்கு ஆடுறதுக்கு ஒரு சாக்கு கிடைக்குது. ரெண்டு, அது ஏறுது. ஒண்ணு ரெண்டு மூணு, கட்டிங் குவாட்டர் ஃபுல், அதாவது 90, 180, 750 மில்லி. பாட்டோட வேகம் ஏறுறதுக்கு இந்த எண்ணிக்கை படி மாதிரி இருக்கு. மூணு, அது ஒரு கட்டளை. பாடகன் "ஊத்து"ங்கிறான், கூட்டம் ஒரே நேரத்துல ஒரே காரியத்தைச் செய்யுது, அல்லது செய்யுற மாதிரி கையை ஆட்டுது.

இந்த மூணு வேலையையும் வேற ஒண்ணுகிட்ட ஒப்படைக்கணும். ஒப்படைக்காம சரக்கை மட்டும் தூக்கிட்டா பாட்டு படுத்துரும்.

மரபுக்கவி

நல்ல முயற்சி. மதுவின் தீமையை இளைய தலைமுறைக்கு எடுத்துச் சொல்வது காலத்தின் தேவை. அடியேன் உங்கள் பல்லவிக்கு மாற்றாக இதைத் தருகிறேன்:

மதுவை விட்டால் மாண்புண்டு – தம்பி
மனையில் என்றும் மகிழ்வுண்டு
குடியை விட்டால் குலமுண்டு – என்றும்
குறையா இன்ப நலமுண்டு

மோனையும் இயைபும் அமைந்திருப்பதைக் காண்க. சரணங்களையும் இரண்டு நாளில் தருகிறேன்.

பழைய_வண்ணாரப்பேட்டை

ஐயா, தப்பா எடுத்துக்காதீங்க, தம்பி கேட்டது இது இல்லீங்க. ரிசப்ஷன்ல இதைப் பாடினா மாப்பிள்ளை வீட்டுக்காரன் மைக்கைப் புடுங்கிடுவான்.

குடிக்கு எதிரான பாட்டுல வேகம் இருக்காதுன்னும் நான் சொல்ல மாட்டேன். 2015-ல டாஸ்மாக்கை மூடச் சொல்லிப் பாடுனதுக்கு கோவனைத் தேசத்துரோக வழக்குல புடிச்சாங்களே, அந்தப் பாட்டுல இருந்த சூடு சாதாரணமா? ஆனா அந்தச் சூடு கோபத்துல இருந்து வந்தது, கடையை நடத்துற அரசாங்கத்தைப் பாத்து வந்தது. அதோட இடம் தெருமுனை. இது கல்யாணப் பந்தல்.

இன்னொண்ணும் சொல்லணும். குத்து, கானான்னாலே குடின்னு நினைக்கிறவங்க நிறைய. நான் வளந்த இடத்துல கானா சாவு வீட்டுல ராத்திரி முழுக்கப் பாடுனது. மரண கானான்னே பேரு. செத்தவர் யாரு, எப்படி வாழ்ந்தாரு, யாரைத் தவிக்க விட்டுட்டுப் போனாருன்னு பாடுவாங்க. பாடுறவங்கள்ல குடிச்சவங்க இருந்திருக்கலாம், பாட்டுக்குள்ள குடி இருந்தே ஆகணும்னு இல்ல. அதனால சரக்கை எடுத்தா மண்வாசனை போயிரும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. சோகத்தை எடுத்தாத்தான் போயிரும்.

திண்டுக்கல்_மெல்லிசை

சந்தக்கிறுக்கன் அண்ணே, நீங்க சொன்னது புரியுது. நான் ஏற்கெனவே ரெண்டு மூணு முயற்சி பண்ணிப் பாத்தேன். "ஆடு ஆடு ஆடு – மச்சி"ன்னு பாடினா என்னமோ காத்து போன மாதிரி இருக்கு. எழுத்துக் கணக்கு சரியாத்தான் இருக்கு, ஆனா பஞ்ச் இல்ல. ஏன்னு தெரியல.

சந்தக்கிறுக்கன்

அதுக்குக் காரணம் வல்லின இரட்டிப்பு. "ஊத்து"ன்னு சொல்லிப் பாருங்க. ஊ நீளமா வருது, த்-ல நாக்கு பல்லுல ஒட்டி மூச்சு ஒரு கணம் அடைபடுது, அப்புறம் "து" வெடிக்குது. அந்தச் சின்ன அடைப்புதான் உங்க பஞ்ச். அடைபட்ட இடத்துல பாட்டு நின்னு, வெடிக்கிற இடத்துல தப்போட அடி விழும். "ஆடு"ல அந்த அடைப்பே இல்ல. ஒத்தை ட ரெண்டு உயிருக்கு நடுவுல வந்தா மெலிஞ்சுரும், நாக்கு மேல தட்டிட்டு வழுக்கிட்டுப் போயிரும். "பாடு", "கூடு", "ஓடு" எல்லாம் அதே கதி. "வாழு", "அன்பு", "இன்பம்" பக்கமே போகாதீங்க, மெல்லினமும் இடையினமும் தாலாட்டுக்கு நல்லது.

அதனால மெட்டைத் தத்தகாரத்துல எழுதி வச்சுக்கிட்டு அதுக்கு ஏத்த சொல்லைத் தேடுவோம். உங்க பல்லவி எனக்குக் கேக்குறது இப்படி:

தாத்த தாத்த தாத்த – தத்த
தன்ன தானா தாத்த
தன்ன தந்த தான – தன
தத்தந் தன தாத்த

முதல் வரிக்குத் தேவை "தாத்த": முதல்ல நெடில், அடுத்து இரட்டிச்ச வல்லினம், கடைசியில உ. அதோட கட்டளைச் சொல்லாவும் இருக்கணும்.

"கூத்து" உடனே கைக்கு வரும், உங்க ரெண்டாம் வரியிலயே இருக்கு. ஓசை அச்சு அசல். ஆனா அது பெயர்ச்சொல். "கூத்து கூத்து கூத்து"ன்னா கூட்டம் என்ன செய்யணும்? ஒண்ணும் இல்ல, கேட்டுட்டு நிக்கும். "ஏத்து"ன்னு போட்டா கட்டளைதான், ஆனா "நல்லா ஏத்திக்கிட்டான்"னு நாம எதுக்குச் சொல்றோம்? வந்த இடத்துக்கே திரும்பிப் போயிருவீங்க. "தட்டு"ல அடைப்பு இருக்கு, நெடில் இல்ல, பாடகனுக்கு இழுக்க இடம் கிடைக்காது. "தாக்கு"ன்னா அடிதடி.

எனக்குத் தோணுறது "தூக்கு". கையைத் தூக்குறது. கிளாஸ் இல்லாமலே உடம்பு செய்யக்கூடிய காரியம். மேடையில நீங்க ஒரு கையைத் தூக்கினாப் போதும், சொல்லித்தர வேண்டியதே இல்ல.

தூக்கு தூக்கு தூக்கு – மச்சி
இன்னும் ஏது சாக்கு

ரெண்டாவது வரியில "சாக்கு" வந்ததுக்கு இயைபு மட்டும் காரணம் இல்ல. பழைய பாட்டுல சரக்குதான் ஆடுறதுக்குச் சாக்கு. இதுல சாக்கே வேண்டாம்னு நேரா சொல்லியாச்சு. "போனா" இருந்த இடத்துல "ஏது" வருது. கடைசி து குறில்தான், ஏ-யை இழுத்துப் பாடினா சரியாப் போயிரும்.

புல்லட்_பாண்டி

"தூக்கு"ன்னா எங்க ஊர்ப் பசங்க "கிளாஸத் தூக்கு"ன்னுதான் கத்துவானுங்க. இல்லேன்னா "பொண்ணத் தூக்கு". தூக்குத் தண்டனை வேற இருக்கு 😂

சந்தக்கிறுக்கன்

நல்ல கேள்விதான் பாண்டி. ஒரு சொல்லோட பொருளை அதுக்கு அடுத்து வர்ற சொல்தான் பூட்டும். அதனால மூணாவது நாலாவது வரியில கையைக் கொண்டுவந்து பூட்டிடணும். எண்ணிக்கையும் அங்கதான் வருது.

ஒண்ணு ரெண்டு நூறு – கையி
பந்தல் தொடத் தூக்கு

"சுத்தும் வரை"ங்கிற இடத்துல "பந்தல் தொட" பொருந்துறதைப் பாருங்க. சுத்-தும், பந்-தல், ரெண்டுமே குறில் ஒற்று, குறில் ஒற்று. பழைய வரியில மூணோட தலை சுத்துச்சு. இதுல ஒண்ணு ரெண்டுன்னு ஆரம்பிச்சு நூறுக்குத் தாவுது. ஒருத்தனோட வயித்துக்குள்ள போற எண்ணிக்கை, பந்தலுக்குள்ள சேர்ற ஆள் எண்ணிக்கையா ஆயிருச்சு. மண்டபமா இருந்தா "மண்டபம் தொட"ன்னு போடாதீங்க, ஓர் எழுத்து கூடிரும். பந்தல் எங்கேயும் செல்லும்.

"கையி"ன்னு எழுதினதுக்கு மரபுக்கவி ஐயா மன்னிக்கணும்.

மரபுக்கவி

மன்னிப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் "தொடத் தூக்கு" என்பதில் ஒற்று மிகுந்திருப்பது கண்டு மகிழ்ந்தேன். வினாவை நான் வேறுவிதமாகப் புரிந்துகொண்டேன் போலும். இருப்பினும் என் கருத்து ஒன்று: தீமையைச் சொல்லாமல் விடுவதும் ஒருவகையில் மழுப்பல்தானே?

சரணம்_மிஸ்

நான் ஆரம்பப் பள்ளி ஆசிரியை, ஆண்டு விழா டான்ஸ் பழக்குறது வருஷா வருஷம் என் தலையிலதான். ஐயா, எட்டு வயசுப் பிள்ளைகிட்ட மேடையில வச்சு மதுவோட தீமையைச் சொன்னா அதுக்கு மதுங்கிற சொல்தான் ஞாபகம் இருக்கும். பேசாம கையைத் தூக்கிட்டு ஆடட்டும்.

பல்லவி பிரமாதமா இருக்கு. சரணத்துக்கு நான் முயற்சி பண்ணேன், சொல்லுங்க:

தம்பி வந்தா தாளம்டா
மாமன் வந்தா மேளம்டா
அத்தை வந்தா கும்மிடா – இந்த
ஊரே வந்தா தேரோட்டம்

ஆள் ஏறிக்கிட்டே போகணும்னு சொன்னீங்கல்ல, அதான்.

பழைய_வண்ணாரப்பேட்டை

டீச்சர், கணக்கு சுத்தமா உக்காருது, ஏறுவரிசையும் இருக்கு. பள்ளிக்கூடத்துக்கு இதையே பாடலாம். ஆனா ராத்திரி ரிசப்ஷனுக்கு இது பொங்கல் வாழ்த்து அட்டை. யாருக்கும் எந்தக் கஷ்டமும் இல்லாத ஊரு இது. பழைய சரணம் ஏன் புடிச்சுது? மொத வார்த்தையே "சோகம்". மனுசன் எதையோ உதறத்தான் ஆடுறான். உதற ஒண்ணும் இல்லேன்னா சும்மா கை கால் ஆட்டம்தான். சோகம், சொந்தக்காரன் தொல்லை, போன லவ்வு, மூணையும் வெச்சுக்கங்க. மருந்தை மட்டும் மாத்துங்க.

திண்டுக்கல்_மெல்லிசை

அண்ணே, நீங்க சொன்னதை வச்சு உக்காந்தேன். இது வந்தது:

சோகம் வந்தா டப்பாங்கு
சொந்தம் வந்தா ஸ்பீக்கரு
லவ்வு போனா ஃபுல்லுடா – இந்த
லைஃபுக்கேது ரிப்பேரு

கட்டிங்குக்கு டப்பாங்கு, குவாட்டருக்கு ஸ்பீக்கரு. மூணாவது வரியை மாத்தவே இல்ல. ஸ்பீக்கருக்கு அடுத்து வர்றதால "ஃபுல்லு"ன்னா வால்யூம்னு ஆயிருது.

சந்தக்கிறுக்கன்

ஆகா! "டப்பாங்கு" கிடைச்சதுக்கே உங்களுக்கு ஒரு டீ வாங்கித் தரணும். ஆறு மாசம் தேடினாலும் "கட்டிங்கு"க்கு இவ்வளவு பக்கத்துல இன்னொண்ணு கிடைக்காது.

நாலாவது வரியையும் கவனியுங்க, நீங்க அதுல கையே வைக்கல. முன்னாடி அதோட பொருள் "இந்த வாழ்க்கையை ரிப்பேர் பண்ண முடியாது, அதனால குடி". இப்போ அதே வரி "நம்ம வாழ்க்கை அவ்வளவு சுலபமா கெட்டுப் போகாது"ன்னு கேக்குது. மேல இருக்கிற மூணு வரியோட பொருளும் மாறினதால கீழ இருக்கிறது தானாத் திரும்பிருச்சு. மாத்தி எழுதும்போது இந்த மாதிரி வரிகளைத் தொடாம விடணும். கூட்டத்துக்குப் பழகின வரி எவ்வளவு மிஞ்சுதோ அவ்வளவுக்கு இது "அவங்க பாட்டு"ங்கிற உணர்வு போகாது.

"ஃபுல்லுடா" எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. ஒரு சின்னக் குறும்பு இருக்கட்டுமே.

விட்டவன்

இந்தத் தளத்துல நான் அதிகம் எழுதுறதில்ல. குடியை விட்டவன் நான். அதனால இந்த இழையைப் படிச்சப்போ ஒண்ணு சொல்லணும்னு தோணுச்சு.

உங்க பாட்டை எங்க ஊர்ப் பக்கம் ஒரு கல்யாணத்துல கேட்டிருக்கேன்னு நினைக்கிறேன், இல்ல அதே மாதிரி வேறொண்ணாவும் இருக்கலாம். விட்டதுக்கு அப்புறம் கல்யாண வீடுதான் எனக்குக் கஷ்டம். "ஊத்து"ன்னு நூறு பேர் கத்தும்போது ஒண்ணும் ஆகாது, அது வெறும் சத்தம். அந்த மாதிரிப் பாட்டுல எங்கேயாவது "ஒண்ணே ஒண்ணு போட்டா என்ன"ன்னு ஒரு வரி வரும் பாருங்க, அதுதான் குத்தும். ஏன்னா அதே வார்த்தையைத்தான் பக்கத்துல நிக்கிற மச்சானும் சொல்லுவான். இன்னொரு வகை, குடிக்காம நிக்கிறவனைக் கிண்டல் பண்ற வரி. பாட்டு முடியுற வரைக்கும் எல்லாரும் என்னைத்தான் பாக்குற மாதிரி இருக்கும்.

அதனால பெருமைப்படுத்துறதுன்னா எதுன்னு நீங்க தேடுறப்போ பாட்டில் பேரைத் தேடாதீங்க. யாரை மட்டம் தட்டுது, யாரைக் கூப்பிடுதுன்னு பாருங்க. உங்க பாட்டுல ரெண்டாவது சரணம் இருக்கா? அதைப் போடலையே.

"ஃபுல்லுடா" பத்தி: மன்னிக்கணும், எனக்கு அது வால்யூமாக் கேக்கல.

திண்டுக்கல்_மெல்லிசை

நன்றி அண்ணே. இருக்கு. போடத் தயங்கினதே அதனாலதான். இதோ:

ஓரம் நிப்பான் பாப்பாடா
ஒண்ணு போட்டா தப்பாடா
கூச்சம் எல்லாம் போயிரும் – மெல்ல
கோட்டத் தாண்டி வாயேண்டா

நீங்க சொன்ன ரெண்டுமே இதுல இருக்கு.

சரணம்_மிஸ்

இந்தச் சரணத்துல சரக்கு, பாட்டில்னு ஒரு சொல்கூட இல்லையே! சொல்லை மட்டும் தேடி வெட்டியிருந்தா இது அப்படியே தப்பிச்சிருக்கும். ஆனா மொத்தப் பாட்டுல இதுதான் மோசம். கோட்டைத் தாண்டச் சொல்றது யாரை? கல்யாணத்துல ஓரமா நிக்கிறது பெரும்பாலும் பதினேழு பதினெட்டு வயசுப் பையன். நம்ம மாநிலத்துல மது வாங்கவே 21 வயசாகணும்.

சந்தக்கிறுக்கன்

விட்டவன் அண்ணே, இந்த இழையில இதுவரைக்கும் வந்ததுல உங்க பதிவுதான் உபயோகமானது. நான் ஓசையைப் பாத்துக்கிட்டு இருந்தேன், நீங்க ஆளைக் காட்டிட்டீங்க.

இந்தச் சரணத்தோட எலும்பு நல்லாருக்கு: ஓரமா நிக்கிற ஒருத்தன், அவனோட கூச்சம், அவன் கோட்டைத் தாண்டி உள்ள வர்றது. ஆட்டம்னு இருந்தா இப்படி ஒருத்தன் இருக்கத்தான் செய்வான். தப்பு முதல் ரெண்டு வரியில மட்டும்தான். ஒண்ணு அவனைக் கேலி பண்ணுது, இன்னொண்ணு அவனுக்கு ஊத்திக் குடுக்குது. ரெண்டையும் எடுத்துட்டு, அவனைப் போய்க் கூட்டிட்டு வர்ற வேலையைக் கூட்டத்துக்கே குடுங்க:

ஓரம் நிப்பான் நம்மாளு
ஓடிப் போயி கூட்டிவா
கூச்சம் எல்லாம் போயிரும் – மெல்ல
கோட்டத் தாண்டி வாயேண்டா

கீழ ரெண்டு வரி அப்படியே இருக்கு. "பாப்பாடா, தப்பாடா"ல இருந்த ப்பா அடி போயிருச்சு, அது நஷ்டம்தான். அதை "கூட்டிவா"ல இருக்கிற ட்டி கொஞ்சம் ஈடு கட்டும். இந்த வரி வரும்போது நீங்க மேடையில இருந்தே ஒருத்தரைக் கை காட்டுங்க. ஆனா ஒண்ணு, வர விருப்பம் இல்லாதவரை இழுக்க விடாதீங்க, அப்புறம் பழைய கதைதான்.

புல்லட்_பாண்டி

எல்லாம் சரி. ஒரு குடிகாரன்கூட இல்லாத குத்துப்பாட்டு பொய்யா இல்லையா? எங்க தெருக் கல்யாணத்துல ஒரு சித்தப்பா விழுந்து கிடப்பாரு. அவரைப் பாடக் கூடாதா? காமெடியாப் பாடினா பெருமை ஆகாதே.

பழைய_வண்ணாரப்பேட்டை

பாண்டி கேக்குறது நியாயம். நான் அந்தக் கட்சிதான். சித்தப்பாவைப் பாடணும். அவரு விழுந்ததையும் பாடணும், காலையில சித்தி அவரைத் தேடிட்டு வந்ததையும் பாடணும். ரெண்டாவதை விட்டுட்டு மொதலை மட்டும் பாடுறதுதான் ஏமாத்து.

விட்டவன்

நான் அந்தச் சித்தப்பாவா இருந்திருக்கேன். சிரிச்சவங்க அடுத்த கல்யாணத்துலயும் எனக்கு வாங்கிக் குடுத்தாங்க, மறுபடி சிரிக்கணும்ல. எனக்கு இதுல உடன்பாடு இல்ல. ஆனா சித்தி வர்ற வரியை எழுதினா படிக்கத் தயார்.

சந்தக்கிறுக்கன்

அது வேற பாட்டு. நாலு வரிச் சரணத்துல சித்தியைக் கொண்டுவந்தா அதுக்கு அப்புறம் "தூக்கு தூக்கு"ன்னு பல்லவிக்குத் திரும்ப முடியாது, கூட்டம் அப்படியே நின்னுரும். பழைய வண்ணாரப்பேட்டை அண்ணன் ஒத்துக்க மாட்டார்னு தெரியும்.

பழைய_வண்ணாரப்பேட்டை

ஒத்துக்கல. சாவு வீட்டுலயே அழவும் வெச்சு ஆடவும் வெச்ச பாட்டு கானா. தனி இழை போடுறேன்.

திண்டுக்கல்_மெல்லிசை

ஞாயிற்றுக்கிழமை ஒரு ரிசப்ஷன்ல பாடிப் பாத்தோம். என்ன நடந்ததுன்னு சொல்றேன்.

"ஃபுல்லுடா"வை எடுத்துட்டு "லவ்வு போனா வால்யூம்டா"ன்னு பாடினேன். சுமாரா உக்காருது. "யூ"வை இழுக்கும்போது சவுண்ட் ஆளு நிஜமாவே கொஞ்சம் ஏத்தி விட்டாரு, அதுக்கு விசில் வந்தது. சரணம் ரெண்டும் பிரச்சினையே இல்ல. "கூட்டிவா"ன்னு பாடினப்போ மாப்பிள்ளையோட தாய்மாமனை நாலு பேர் கூட்டிட்டு வந்தாங்க.

பிரச்சினை பல்லவியில. நான் "தூக்கு"ன்னு பாடுறேன், பாதிக் கூட்டம் "ஊத்து"ன்னு பதில் சொல்லுது. எங்க பாட்டை ஏற்கெனவே கேட்டவங்க அவங்க. மூணாவது சுத்துலதான் கையெல்லாம் மேல போச்சு, சத்தமும் மாறிச்சு.

கீபோர்டு_ரமணி

அது உங்க ஆரம்ப பிஜிஎம்மோட வேலை. கூட்டம் வரியைக் கேட்டுட்டு பாடுறதில்ல. அந்த நாதஸ்வர டோன்ல ஒரு பிட் வருமே, அதைக் கேட்ட உடனே வாய் "ஊ"வுக்குத் தயாராயிரும். நீங்க வாயைத் திறக்குறதுக்கு முன்னாடியே அவங்க "ஊத்து"ல இருக்காங்க. அந்த பிட்டை எடுத்துடுங்க. தப்பு மட்டும் நாலு சுத்து வாசிக்கட்டும், டண்டணக்கன்னு வெறும் அடி. பல்லவியில ஆரம்பிக்காம நேரா "சோகம் வந்தா டப்பாங்கு"ன்னு சரணத்துல ஆரம்பிங்க. பல்லவி வர்றதுக்கு முன்னாடி ஒரு சுத்து எல்லாத்தையும் நிறுத்திட்டு கையைத் தூக்கிக் காட்டுங்க. சொல்லுக்கு முன்னாடி கை போயிட்டா வாய் கையைத்தான் பின்பற்றும்.

பள்ளிக்கூடத்துல இந்தத் தொல்லை கம்மியா இருக்கும்னு நினைக்காதீங்க, பிள்ளைங்களுக்குத்தான் பழைய வரி நல்லா மனப்பாடம்.

ஒரு சந்தேகம். மைனஸ் ட்ராக்னு சொன்னீங்க. அதுல பின்னணிக் கோரஸ் சேத்துப் பதிவு பண்ணியிருக்கீங்களா? ரிசப்ஷன்ல ஸ்பீக்கர்ல இருந்தே "ஊத்து" வந்திருக்கப் போகுது.

திண்டுக்கல்_மெல்லிசை

அய்யய்யோ. ஆமா, பல்லவிக்கு அடியில நாலு பேர் கோரஸ் இருக்கு. சன்னமாத்தான் இருக்கும், ஆனா இருக்கு.

கீபோர்டு_ரமணி

அப்போ பதிவு பண்ண ஸ்டூடியோவுல ட்ராக் தனித்தனியா இருக்கான்னு கேளுங்க. இருந்தா கோரஸை மட்டும் மியூட் பண்ணி, அதே நாலு பேரை "தூக்கு" பாட வச்சு எடுத்துடலாம். எல்லாத்தையும் கலந்து ஒரே ஃபைலாக் குடுத்திருந்தா சுத்தமாப் பிரிக்கிறது கஷ்டம், பல்லவி வர்ற இடத்துல மட்டும் ட்ராக்கை நிறுத்திட்டு லைவ்ல வாசிக்கணும். ஆண்டு விழா எப்போ?

திண்டுக்கல்_மெல்லிசை

வர்ற வெள்ளிக்கிழமை. ஸ்டூடியோக்காரர் போன் எடுக்கல, நாளைக்கு நேர்ல போறேன்.